மிக்சரில் பட்டை ஆடினால் போதுமா?

நேரலை நடந்த மறுநாள் காலையில் வரும் வாட்ஸ்அப் செய்தியை இப்போதெல்லாம் திறக்காமலேயே சொல்லிவிடுவேன். "அண்ணே, படம் அருமை, சத்தம்தான் ஒரு மாதிரி." கல்யாணம், கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, எதுவானாலும் இதே வரிதான். போன வாரம் வந்தது ஓர் அரங்கேற்றம், அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோலாலம்பூரில் ஒரு மண்டபம். பெண்ணின் மாமா மகன்தான் நேரலையை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளைப் பார்த்துக்கொண்டான், அவனுக்கு இதுதான் முதல் நேரலை. பின்வரிசையில் ஒரு கேமரா, அதிலிருந்து கேப்சர் கார்டு வழியாக மடிக்கணினிக்குப் படம். மண்டபத்து ஒலி மிக்சரிலிருந்து ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் வழியாகப் பாட்டு. வயர் எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "விரைவில் தொடங்கும்" என்ற அட்டை ஓடிக்கொண்டிருந்தபோது, மிக்சர் பக்கம் திறந்து கிடந்த மைக்கில் யாரோ இரண்டு பேர் மொய்க்கணக்கு பேசியது ஈப்போ வரைக்கும் போய்விட்டது. ஆட்டம் தொடங்கியதும் நட்டுவனார் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. "தா தை" என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை.

அவன் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். ஓபிஎஸ்-இல் படம், ஒலி என்று சோர்ஸ்களை அடுக்கிவைத்த ஒவ்வொரு காட்சிக்கும் சீன் என்று பெயர். மேடை சீனில் இருக்கும்போது அதன் ஆடியோ மிக்சரில் நான்கு வரிகள்: Desktop Audio, Mic/Aux, கேப்சர் கார்டு, அவன் தானே சேர்த்த Audio Input Capture. நான்கிலும் ஒலி அளவைக் காட்டும் பட்டை பச்சையும் மஞ்சளுமாக ஜோராக ஆடிக்கொண்டிருந்திருக்கும். "பட்டை ஆடுச்சே அண்ணே, அப்புறம் என்ன?" என்கிறான்.

இந்தக் கேள்விதான் என்னைக் கொல்கிறது. பட்டை ஆடினால் ஏதோ ஒரு ஒலி வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். எந்த மைக்கிலிருந்து, எத்தனை தடவை, எவ்வளவு தாமதத்தோடு என்று அது சொல்லாது. மடிக்கணினியின் உள் மைக் மண்டபத்து இரைச்சலைப் பிடித்தாலும் அதே அழகில்தான் ஆடும்.

இங்கே நடந்தது இதுதான். யூஎஸ்பி இன்டர்பேஸைச் செருகியதும் விண்டோஸ் அதையே இயல்பு மைக்காக எடுத்துக்கொண்டது. Mic/Aux "Default" என்று இருந்ததால் அதுவும் இன்டர்பேஸ்தான், அவன் சேர்த்த Audio Input Capture-உம் அதே இன்டர்பேஸ்தான். ஒரே ஒலி இரண்டு வழியாக, ஒரு மயிரிழை முன்னே பின்னே வந்து கலந்தால் குரலின் சில சுருதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், டப்பா சத்தம் அங்கிருந்துதான். இரட்டிப்புக்குக் காரணம் கேப்சர் கார்டு. அது படத்தோடு கேமராவின் மைக்கையும் கூட்டி வரும், பலருக்கு இது தெரியவே தெரியாது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் எடுக்கும். கேமரா ஸ்பீக்கரிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால் 60 மில்லி செகண்ட், அதோடு கேப்சர் கார்டின் தாமதமும் சேரும். காது அதை எதிரொலியாகத்தான் கேட்கும்.

சரி, மொய்க்கணக்கு எப்படி வெளியே போனது? Settings-இல் Audio பக்கத்தில் Global Audio Devices என்று இருக்கிறதே, அங்கே வைத்த மைக் எந்தச் சீனுக்கும் கட்டுப்படாது. நீங்கள் படத்தை மாற்றினாலும் அட்டையைப் போட்டாலும் அது திறந்தே இருக்கும். மாறாக, ஒரு சீனுக்குள் சோர்ஸாகச் சேர்த்த மைக் அந்தச் சீன் ஓடும்போது மட்டும்தான் கேட்கும். அதனால்தான் இன்னொரு கூட்டம் எனக்கு எழுதுகிறது, "குளோசப் சீனுக்குப் போனதும் சத்தமே நின்னுடுச்சு" என்று. மைக்கை மேடை சீனில் மட்டும் சேர்த்திருப்பார்கள்.

நான் செய்யும் முறை இது. Global Audio Devices-இல் இருக்கும் எல்லாவற்றையும் Disabled ஆக்கிவிடுவேன், Desktop Audio உட்பட. அது திறந்திருக்கும்போது உங்கள் நேரலையையே பிரவுசரில் திறந்து பார்த்தீர்களானால், பல நொடி தாமதத்தில் உங்கள் சத்தம் உங்களுக்குள்ளேயே திரும்ப நுழையும். பிறகு "ஒலி" என்ற பெயரில் தனியாக ஒரு சீன். அதில் Audio Input Capture ஒன்றே ஒன்று, சாதனத்தை Default என்று விடாமல் இன்டர்பேஸின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும். இல்லாவிட்டால் நிகழ்ச்சி நடுவில் யாராவது புளூடூத் ஹெட்போனை இணைத்தால் மைக் அங்கே ஓடிவிடலாம்.

இந்த "ஒலி" சீனை மேடை, குளோசப் இரண்டிலும் ஒரு சோர்ஸாகச் சேர்த்துவிடுங்கள், ஓபிஎஸ் ஒரு சீனை இன்னொரு சீனுக்குள் வைக்க விடும். மேடைக்கும் குளோசப்புக்கும் எத்தனை தடவை மாறினாலும் பாட்டு அறுபடாது. தொடக்க அட்டையிலும் இடைவேளை அட்டையிலும் அதைச் சேர்க்காதீர்கள். அங்கே ஒரு வாத்திய இசைக் கோப்பு போதும், மொய்க்கணக்கு மண்டபத்தோடு நிற்கும். கேப்சர் கார்டு வரியை ஓபிஎஸ் மிக்சரில் மியூட் செய்துவிடுங்கள். கேமராவையும் ஒவ்வொரு சீனுக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டாம், Add Existing-இல் ஏற்கெனவே இருப்பதையே எடுங்கள். புதிதாகச் சேர்த்தால் பல நேரம் இரண்டாவது கறுப்பாகவே நிற்கும்.

இப்போது சோதனை. ஸ்பீக்கரில் பாட்டு வருவதற்கு முன், மேடை மைக்கை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். பிறகு மடிக்கணினியின் மேல் தட்டுங்கள், கேமரா பக்கத்தில் கை தட்டுங்கள். சுரண்டலுக்கு மட்டும் இன்டர்பேஸ் வரியின் பட்டை துள்ள வேண்டும். மடிக்கணினியைத் தட்டினால் துள்ளுகிறதென்றால் தவறான மைக்கைப் பிடித்திருக்கிறீர்கள். பேச்சு மஞ்சளில், அதாவது -20 முதல் -9 டெசிபல் வரை ஓடட்டும், உச்ச சத்தத்தில் சிவப்பை எட்டிப் பார்க்கலாம், 0-ஐத் தொடக் கூடாது. தொட்டால் இன்டர்பேஸின் குமிழைக் குறையுங்கள். அங்கேயே உடைந்துபோன ஒலியை ஓபிஎஸ் ஸ்லைடரால் ஒட்டவைக்க முடியாது.

அப்புறம் Start Recording அழுத்தி இரண்டு நிமிடம் எல்லாச் சீனுக்கும் மாறி மாறிப் போங்கள். அந்தக் கோப்பை ஹெட்போனில் கேளுங்கள், தயவுசெய்து, மண்டபத்து ஸ்பீக்கரில் கேட்டதை நம்பாதீர்கள். ஒரு காதில் மட்டும் வந்தால் Advanced Audio Properties-இல் அந்த வரிக்கு Mono டிக் செய்யுங்கள். உதட்டசைவுக்கு முன்னே சத்தம் வந்தால் அதே இடத்தில் Sync Offset, 100 மில்லி செகண்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பக்கத்தில் இருக்கும் Audio Monitoring-இல் மட்டும் கவனம். Monitor Only என்று வைத்தால் உங்கள் ஹெட்போனில் ஜம்மென்று கேட்கும், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் போகாது. ஹெட்போனிலும் கேட்க வேண்டுமென்றால் Monitor and Output.

இன்னொன்று, யூடியூப்பில் முதன்முதலாக நேரலை வசதியைத் திறந்தால் அது கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். அதை நிகழ்ச்சி அன்று காலையில் கண்டுபிடித்துவிட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியாது.