231 வந்தால் அடித்துவிடாதீர்கள்: உறைநிலைத் தாழ்வுக் கணக்கில் நான் பார்த்தவை

வேதியியல் விடைத்தாள் திருத்தும்போது ஒரு காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாணவர் கணக்கைச் சரியாகப் போட்டு, சரியான விடைக்கு வந்து, அப்புறம் அதன் மேல் குறுக்குக்கோடு போட்டிருப்பார். தொகைசார் பண்புகளில், அதுவும் உறைநிலைத் தாழ்விலிருந்து மோலார் நிறை காணும் கேள்வியில்தான் இது அதிகம். எனக்கு மனம் வலிக்கும் இடமும் அதுதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 50 கிராம் பென்சீனில் 1.22 கிராம் பென்சாயிக் அமிலம் கரைந்திருக்கிறது. தூய பென்சீன் 5.50 °C-இல் உறைகிறது, கரைசல் 4.96 °C-இல் உறைகிறது. பென்சீனின் Kf மதிப்பு 5.12 K kg mol⁻¹. அமிலத்தின் மோலார் நிறை என்ன?

சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்:

M = (Kf × w × 1000) / (ΔTf × W)

இதில் w கரைபொருளின் நிறை, W கரைப்பானின் நிறை, இரண்டும் கிராமில். ΔTf என்பது 5.50 − 4.96 = 0.54. போட்டுப் பார்த்தால் M = (5.12 × 1.22 × 1000) / (0.54 × 50) = 231 கிராம்/மோல்.

முதல் தடுமாற்றம் ΔTf-இல்தான். நாம் பழகும் கணக்குகளில் பெரும்பாலும் நீர்தான் கரைப்பான். அது 0 °C-இல் உறைவதால், கரைசல் −0.54 °C-இல் உறைகிறது என்றால் குறியை நீக்கியதும் அதுவே தாழ்வு. அந்தப் பழக்கத்தில் பென்சீனுக்கும் 4.96-ஐ அப்படியே ΔTf என்று போடுகிறார்கள். விடை 25 வருகிறது. பென்சீன் வளையமே 6 கார்பன் அணுக்கள், அதாவது 72. ஆக 25 வர வழியே இல்லை.

இன்னொரு கூட்டம் 0.54-உடன் 273-ஐக் கூட்டிவிடும். தாழ்வு என்பது இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசம், செல்சியஸிலும் கெல்வினிலும் அது ஒரே எண்தான். கூட்டினால் மோலார் நிறை 0.46 என்று வரும். ஹைட்ரஜன் அணுவே 1 என்னும்போது இது எப்படி முடியும்? இந்தப் பழக்கம் சவ்வூடு பரவல் அழுத்தக் கணக்கிலிருந்து வருகிறது. π = CRT-இல் இருப்பது வித்தியாசம் அல்ல, வெப்பநிலையே. அங்கே 273 கூட்டத்தான் வேண்டும்.

இந்த இரண்டும் விடையைப் பார்த்தாலே பிடிபடும். பிடிபடாத ஒன்று உண்டு: கரைப்பானின் நிறைக்குப் பதிலாகக் கரைசலின் நிறை 51.22-ஐப் போடுவது. விடை 226 வரும், பார்க்க நியாயமாகவே இருக்கும். அதனால் கேள்வியில் ‘கரைப்பான்’ என்றிருக்கிறதா ‘கரைசல்’ என்றிருக்கிறதா என்று அந்தச் சொல்லுக்கு அடியில் கோடிட்டுவிட்டுத் தொடங்கச் சொல்வேன்.

சரி, 231-க்கு வருவோம். மாணவருக்கு C₆H₅COOH-இன் நிறை 122 என்று தெரியும். தன் விடை கிட்டத்தட்ட இரு மடங்காக இருப்பதைப் பார்த்து, எங்கோ 2-ஐத் தவறவிட்டோம் என்று நினைத்து அடித்துவிடுகிறார். ஆனால் கேள்வியின் உயிரே அந்த இரு மடங்கில்தான் இருக்கிறது. பென்சீன் முனைவற்ற கரைப்பான். அதில் இரண்டு அமில மூலக்கூறுகள் தங்கள் கார்பாக்சில் தொகுதிகளை எதிரெதிரே வைத்து, இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உறைநிலைத் தாழ்வு துகள்களை எண்ணுமே தவிர, அவை என்னவென்று பார்க்காது. இரண்டு சேர்ந்து ஒன்றானால் எண்ணிக்கை குறையும், தாழ்வு குறையும், பகுதியில் இருக்கும் ΔTf சிறுத்ததால் M பெருகும்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் ‘எத்தனை சதவீதம் இணைந்துள்ளது?’ என்று வரும். வாண்ட்ஹாஃப் காரணி i = 122 / 231 = 0.528. உண்மை நிறை மேலே, அளந்து கண்ட நிறை கீழே. தலைகீழாகப் போட்டால் i 1-ஐவிடப் பெரிதாக வரும். இணையும் பொருளுக்கு அது வரவே கூடாது. இப்போது 1 மோலில் α அளவு இணைந்தால் மீதம் 1 − α, இணைந்தவற்றிலிருந்து கிடைப்பது α/2. மொத்தம் 1 − α/2. இது 0.528 என்றால் α = 0.944, சுமார் 94 சதவீதம். அந்த α/2-ஐ மறந்து i = 1 − α என்று எழுதினால் 47 சதவீதம் வரும். முழுக்க இணைந்தால் M 244, துளியும் இணையாவிட்டால் 122. நம் 231 இருப்பது 244-க்குப் பக்கத்தில். அப்படியிருக்க, பாதிகூட இணையவில்லை என்ற விடை பொருந்தாது.

நீரில் பொட்டாசியம் குளோரைடு என்றால் எல்லாம் எதிர்த்திசை. அயனிகளாகப் பிரிந்து துகள்கள் கூடுவதால், அளந்து கண்ட நிறை 74.5-ஐவிடக் குறையும்.

பலபடிகளுக்கு மட்டும் இந்த முறை உதவாது. மோலார் நிறை 50,000 உள்ள பொருளை 1 கிலோ நீரில் 10 கிராம் கரைத்தால் தாழ்வு 0.0004 கெல்வின்கூட வராது. அதே கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தமோ அறை வெப்பநிலையில் சுமார் 5 செ.மீ. உயர நீர்த்தூணைத் தாங்கும், அளவுகோல் வைத்தே அளந்துவிடலாம். ‘பெரிய மூலக்கூறுகளுக்கு ஏன் சவ்வூடு பரவல் அழுத்த முறை?’ என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இந்த ஒப்பீட்டை எழுதினாலே போதும்.