வழக்கு எந்தச் சட்டத்தில் ஓடும்? வரையறை, அமல் தேதி, மாறுகால விதி படிக்கும் முறை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 போய், 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் கையில் இருக்கும் பிரச்சினைக்கு இரண்டில் எது பொருந்தும் என்று கேட்டால் அங்கேதான் தடுமாற்றம். புகாரை எங்கே கொடுப்பது, எவ்வளவு தொகை வரை என்று சொல்லும் பிரிவுக்கு நேராகப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் மூன்று இடங்களைப் படித்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு போகலாம். ஈரோட்டில் செல்வி என்று ஒருவர். வீட்டு முன்கூடத்தில் தையல் தொழில். 2019 ஜனவரியில் 18 லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்குகிறார். அவரே ஓட்டுகிறார், உதவிக்கு அக்கா மகள் மட்டும். ஏப்ரலிலேயே மெஷின் மக்கர் செய்கிறது. விற்றவர் சரிசெய்து தரவில்லை. 2020 மார்ச் தொடக்கத்தில் செல்வி புகார் போடுகிறார். மெஷின் விலை 18 லட்சம் திரும்ப வேண்டும், நஷ்ட ஈடாக 7 லட்சம் வேண்டும், ஆக மொத்தம் 25 லட்சம்.

முதலில் வரையறைப் பிரிவு. 2019 சட்டத்தில் பிரிவு 2. அதன் 7ஆம் உட்பிரிவு ‘நுகர்வோர்’ யார் என்று சொல்கிறது. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ பொருள் வாங்கியவர் நுகர்வோர் அல்ல. இதோடு நிறுத்தினால் செல்வி அவுட். தொழிலுக்குத்தானே மெஷின் வாங்கினார்? ஆனால் அதே உட்பிரிவுக்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள், ‘வணிக நோக்கம்’ என்பதில் சேராது. 1986 சட்டத்திலும் இதே மாதிரி விளக்கம் இருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 1995இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் விரிவாகப் பார்த்தது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர், தானே இயக்க லேத் மெஷின் வாங்குபவர் எல்லாம் நுகர்வோர்தான். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது என்றது. அந்த வழக்கில் மெஷின் வாங்கிய நிறுவனமோ பெரிய அளவில் உற்பத்தி செய்ய வாங்கியது, அதனால் தோற்றது. செல்வி பத்துப் பேரைச் சம்பளத்துக்கு வைத்து இரண்டு ஷிப்ட் ஓட்டியிருந்தால் அவருக்கும் அதே கதிதான். ஆகவே வரையறையைப் படிக்கும்போது கீழே உள்ள விளக்கத்தையும் விலக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும். தீர்ப்பு பெரும்பாலும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது அமல் தேதி. கடையில் வாங்கும் சட்டப் புத்தகத்தில் தலைப்புக்குக் கீழே ‘9 ஆகஸ்ட் 2019’ என்று இருக்கும். பலர் அதைத்தான் தொடக்க நாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த தேதி. ஒரு மத்தியச் சட்டம் தன் தொடக்க நாளைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால்தான், பொது விதிகள் சட்டம் 1897இன் பிரிவு 5படி ஒப்புதல் நாளே தொடக்க நாள் ஆகும். இந்தச் சட்டத்தின் பிரிவு 1(3) அப்படி விடவில்லை. மத்திய அரசு அறிவிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதி குறிக்கலாம் என்கிறது. எனவே அரசிதழைப் பார்க்க வேண்டும். புகார், ஆணையங்கள் தொடர்பான பிரிவுகள் 20 ஜூலை 2020 அன்று நடைமுறைக்கு வந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தொடர்பான பிரிவுகள் நான்கு நாள் கழித்து, 24 ஜூலை அன்று. சட்டம் எப்போது வந்தது என்று கேட்காமல், எனக்கு வேண்டிய பிரிவு எப்போது வந்தது என்று கேட்க வேண்டும்.

இந்தத் தேதி செல்விக்கு ஏன் முக்கியம்? பழைய சட்டத்தில் பொருளின் மதிப்பையும் கேட்கும் நஷ்ட ஈட்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். 20 லட்சம் வரை மாவட்ட மன்றம், அதற்கு மேல் 1 கோடி வரை மாநில ஆணையம். 25 லட்சம் கேட்டதால் செல்வி சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போனது சரி. புதிய சட்டத்தில் பொருளுக்காகக் கொடுத்த தொகை மட்டும்தான் கணக்கு. ஆரம்பத்தில் மாவட்ட ஆணையத்தின் வரம்பு 1 கோடி. 2021 டிசம்பர் கடைசியில் வந்த விதிகள் அதை 50 லட்சமாக்கின. இதே புகாரை 2020 ஆகஸ்டில் முதல்முறையாகப் போட்டிருந்தால் 18 லட்சம்தான் கணக்கு. ஈரோட்டிலேயே மாவட்ட ஆணையத்தில் முடிந்திருக்கும்.

அப்படியானால் மார்ச்சில் சென்னையில் போட்ட வழக்கு ஜூலைக்குப் பிறகு என்ன ஆகும்? இங்கேதான் மூன்றாவது இடம், மாறுகால விதி. பிரிவு 107 பழைய சட்டத்தை நீக்குகிறது. பழைய சட்டத்தின்கீழ் செய்தவை புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவுக்கு அதன்கீழ் செய்தவையாகவே கருதப்படும் என்கிறது. ‘முரண்படாத அளவுக்கு’ என்ற இடம்தான் வழுக்கும். புதிய தொகை வரம்புக்கு ஒத்துவராத பழைய வழக்கு முரண்தானே, திருப்பி அனுப்பிவிடலாமே என்று தோன்றும். தேசிய ஆணையமே அப்படி நினைத்து, 2020 ஜூனில் போட்ட ஒரு வீட்டு வழக்கை, புதிய சட்டப்படி 10 கோடிக்கு மேற்பட்டவைதான் தன்னிடம் வர வேண்டும், இது அதற்குள் வருகிறது என்று நிராகரித்தது. அதுதான் நீனா அனேஜா வழக்கு. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது.

காரணம் படிக்க வேண்டியது. 107(3) பொது விதிகள் சட்டத்தின் பிரிவு 6ஐக் காப்பாற்றி வைக்கிறது. வேறு எண்ணம் தெரியாத வரை, சட்டம் நீக்கப்பட்டாலும் நடந்துகொண்டிருக்கும் வழக்கு பாதிக்கப்படாது என்பது அந்தப் பிரிவு. வேறு எண்ணம் இருக்கிறதா என்று 107இல் மட்டும் தேடினால் போதாது, சட்டம் முழுக்கத் தேட வேண்டும். பதவியில் இருந்த தலைவர்களும் உறுப்பினர்களும் என்ன ஆவார்கள் என்று நடுவில் தனிப் பிரிவுகள் வைத்த நாடாளுமன்றம், நிலுவை வழக்குகளை வேறு ஆணையத்துக்கு மாற்ற ஒரு வரிகூட எழுதவில்லை. எனவே 20 ஜூலை 2020க்கு முன் போட்ட வழக்குகள், போட்ட இடத்திலேயே பழைய வரம்பின்படி நடக்கும். செல்வியின் வழக்கு சென்னையிலேயே தொடரும்.

கவனியுங்கள், மெஷின் வாங்கிய தேதியோ பழுதான தேதியோ இதை முடிவுசெய்யவில்லை. புகார் போட்ட தேதிதான் முடிவுசெய்தது. ஆனால் இரண்டு வருடக் காலவரம்பைக் கணக்கிடும்போது மறுபடி வழக்குக்குக் காரணம் எழுந்த நாள்தான் வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தத் தேதி என்று ஒரு தாளில் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதன் விளைவு மேல்முறையீடு வரை போகிறது. 2023இல் செல்விக்கு 22 லட்சம் கொடுக்கச் சொல்லி மாநில ஆணையம் உத்தரவிடுகிறது, விற்றவர் தேசிய ஆணையத்துக்குப் போகிறார் என்று வைப்போம். புதிய சட்டப்படி அவர் பாதித் தொகையை, அதாவது 11 லட்சத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். பழைய சட்டப்படியோ பாதித் தொகை அல்லது 35,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. புகார் 20 ஜூலை 2020க்கு முன்னால் போடப்பட்டிருந்தால் புதிய கடுமையான நிபந்தனை பொருந்தாது என்று 2022இல் இ.சி.ஜி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது உச்ச நீதிமன்றத்துக்கு வரும் மேல்முறையீடு பற்றியது என்றாலும் அதே தர்க்கம் இங்கேயும் நிற்கும். ஆக விற்றவர் 35,000 மட்டும் கட்டிவிட்டு வாதாடலாம். 11 லட்சம் பத்திரமாகக் கிடக்கிறது என்று செல்வி நம்பியிருக்க முடியாது. மேல்முறையீடு போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது என்பதால், தடை கேட்டு மனு வந்திருக்கிறதா என்று பார்த்து, தடை கொடுப்பதானால் கூடுதல் தொகை கட்டச் சொல்லுங்கள் என்று அவர் அந்த மனுவிலேயே கேட்க வேண்டும்.