முதல் மாடிக் கோப்பையில் குமிழி வருவது ஏன்?

இருபது மாடிக் குடியிருப்பில் முதல் மாடியில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மேலே யாராவது ஃப்ளஷ் செய்தால் எங்கள் கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் கொப்பளிக்கிறது. மொட்டைமாடியில் திறந்திருந்த குழாய் வாயில் ஏர் அட்மிட்டன்ஸ் வால்வு மாட்டினார்கள். பிறகு நிலைமை இன்னும் மோசம். வால்வு பழுதா?"

வால்வு நன்றாகத்தான் இருக்கும். அது வேறு நோய்க்கான மருந்து.

கோப்பைக்கும் வாஷ்பேசினுக்கும் அடியிலுள்ள வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கும் பூட்டு. அதன் ஆழம் பெரும்பாலும் 50 மி.மீ. இருக்கும். ஏறத்தாழ 500 பாஸ்கல் அழுத்தத்துக்குச் சமம், அவ்வளவுதான்.

எல்லா மாடிகளின் கழிவுநீரும் இறங்கும் செங்குத்துக் குழாயில் தண்ணீர் நடுவில் கொட்டுவதில்லை. சுவரை ஒட்டி மெல்லிய தோல்போல வழிகிறது, நடுவிலிருக்கும் காற்றையும் உரசிக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. மேலே காற்று போதாமல் போனால் உறிஞ்சல் ஏற்பட்டு, பூட்டுத் தண்ணீர் குழாய்க்குள் போய்விடும். வால்வு தீர்ப்பது இதைத்தான். உள்ளே உறிஞ்சல் வந்ததும் அதன் ரப்பர் தட்டு தூக்கிக்கொண்டு அறைக் காற்றை உள்ளே விடும். உறிஞ்சல் நின்றதும் சொந்த எடையில் விழுந்து மூடிக்கொள்ளும். வெளியேறும் காற்றுக்கு அது வழி விடாது.

எனக்குப் பிடித்த பகுதி இனிதான். செங்குத்துக் குழாய் கீழே படுக்கைக் குழாயாகத் திரும்பும் அடிவளைவில், தண்ணீர் திரும்பும்போது குழாயின் குறுக்கே ஒரு நீர்த்திரை விழுகிறது. இறங்கி வந்த காற்று அதில் முட்டி நிற்கிறது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்த காற்று சட்டென்று நின்றால் எழும் அழுத்தம், காற்றின் அடர்த்தி, ஒலியின் வேகம், நின்றுபோன வேகம் மூன்றின் பெருக்கல்: 1.2 × 340 × 1, சுமார் 400 பாஸ்கல். அதாவது 40 மி.மீ. தண்ணீர்! ஒரு மெல்லிய காற்றோட்டம் நின்றதற்கு இத்தனை. இரண்டு வீட்டு நீர் சேர்ந்து வந்து காற்றின் வேகம் கூடினால், அடிவளைவுக்குப் பக்கத்திலிருக்கும் முதல் மாடிப் பூட்டு தாங்காது; காற்று அதைத் துளைத்துக் குமிழியாக வரும்.

இந்த அலை ஒலியின் வேகத்தில் மேலேறுகிறது. 60 மீட்டர் உயரக் குழாயில் போய்த் திரும்ப 0.35 நொடி. மேல்வாய் திறந்திருந்தால் அலை தலைகீழாகி, உறிஞ்சலாகத் திரும்பி வந்து அழுத்தத்தைத் தணிக்கும். மூடியிருந்தால் அழுத்தமாகவே திரும்பும். வாசகர் வீட்டில் வால்வு மாட்டியபின் மோசமானது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

எடின்பரோவில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்வாஃபீல்ட் இந்த அலைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சாக்கடைக் காற்றை ஆராயப் பணம் கேட்டால் பலர் சிரிப்பார்கள். இன்னும் அதிகமாகவே கொடுக்கலாம் என்பேன். அழுத்த அலை வரும்போது உப்பி அதை வாங்கிக்கொள்ளும் பை வைத்த கருவி அந்த ஆய்வுகளின் பலன். குழாயின் அடிப்பகுதியில் அதைப் பொருத்துவார்கள்.

வாசகர் வீட்டுக்கு முதலில் மேல்வாயைத் திறக்க வேண்டும். பிறகு, முதல் மாடி இணைப்பைச் செங்குத்துக் குழாயிலிருந்து பிரித்து, அடிவளைவுக்கு வெகுதூரம் தள்ளிப் படுக்கைக் குழாயில் தனியாகச் சேர்ப்பது நல்லது. முடியாவிட்டால் பக்கத்தில் காற்று மட்டும் போக ஒரு வென்ட் குழாயை ஏற்றி, அதை அடிவளைவு அருகே இணைக்க வேண்டும். வால்வுகளை மேல்மாடிக் கிளைக்குழாய்களில் வைத்துக்கொள்ளலாம், அங்கே தொல்லை உறிஞ்சல்தான்.

எது எந்த நோய் என்று கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் ஃப்ளஷ் செய்யாதபோது கோப்பையில் குமிழி மேலெழுந்தால் அழுத்தம். தண்ணீர் மட்டம் வழக்கத்தைவிடத் தாழ்ந்து 'களக்' என்றால் உறிஞ்சல். நாள்கணக்கில் புழங்காத தரைத் துளையில் நாற்றம் வந்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றியதும் நின்றால் பூட்டு ஆவியாகியிருக்கிறது. அதை எந்த வால்வும் தடுக்காது.