மதுமேகத்துக்கு நேராக எதை எழுதுவது?

நான் மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்ப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் பித்தப்பை அறுவை சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆங்கிலத்தில் சுருக்கித் தரும் வேலை என்னிடம் வந்தது. அவற்றுள் ஒரு சித்த மருத்துவர் எழுதிய சீட்டும் இருந்தது. அதில் "மேகம், 48 நாள் மருந்து" என்பதற்கு மேல் விவரம் எதுவும் இல்லை. நான் தயங்காமல் அதற்கு நேராக 'டயாபடீஸ் மெலிட்டஸ், சிகிச்சையில் உள்ளார்' என்று எழுதிவிட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மயக்க மருத்துவர் அந்தப் பெண்மணியிடம், சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவரோ தமக்குச் சர்க்கரையே கிடையாது என்கிறார். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 94 மில்லிகிராம், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.4 சதவீதம். இரண்டும் இயல்பான அளவுகள். ஆவணம் ஒன்றைச் சொல்ல, ஆய்வகம் வேறொன்றைச் சொன்னதால் அறுவை சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போயிற்று. சீட்டை எழுதிய சித்த மருத்துவரை அழைத்துக் கேட்டேன். "நான் மேகம் என்றுதானே எழுதினேன், மதுமேகம் என்று எழுதவில்லையே" என்றார். அந்தப் பெண்மணிக்கு இருந்தது சிறுநீர் எரிச்சலும் வெள்ளைப்படுதலும். சித்த மருத்துவத்தில் மேகம் என்ற சொல்லின் கீழ் சிறுநீர் மிகுதியாகப் போவது முதல் பிறப்புறுப்பு சார்ந்த பல நோய்கள் வரை வருகின்றன. பேச்சு வழக்கில் அச்சொல் சர்க்கரை நோயையும் தொட்டு நிற்பதால் நான் வழுக்கி விழுந்தேன்.

சரி, சீட்டில் மதுமேகம் என்றே இருந்திருந்தால் என் மொழிபெயர்ப்பு சரியாக இருந்திருக்குமா? பெரும்பாலான அகராதிகள் அப்படித்தான் சொல்லும். எனக்கு இப்போது அந்தத் துணிவு இல்லை.

ஆயுர்வேதத்தில் பிரமேகம் எனப்படும் சிறுநீர் நோய்த் தொகுதி 20 வகைப்படும்: கபத்தால் 10, பித்தத்தால் 6, வாதத்தால் 4. மதுமேகம் வாத வகை நான்கில் ஒன்று. அதோடு, கவனிக்காமல் விட்ட எந்தப் பிரமேகமும் காலப்போக்கில் மதுமேகமாக முற்றும் என்றும் நூல்கள் சொல்கின்றன. ஆக, அந்த ஒரே சொல் ஒரு வகையின் பெயராகவும் எல்லா வகைகளின் முற்றிய நிலையின் பெயராகவும் நிற்கிறது. நவீன மருத்துவத்தின் முதல் வகை, இரண்டாம் வகை என்ற பிரிவு இன்சுலின் சுரப்பையும் அது உடலில் வேலை செய்யும் விதத்தையும் வைத்துச் செய்யப்பட்டது. ஒன்றின் கோடுகளை மற்றொன்றின் மேல் வைத்தால் அவை பொருந்துவதில்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. மதுமேகம் சிறுநீரைப் பார்த்துச் சொல்லப்படுவது: அதன் அளவு, நிறம், இனிப்பு, எறும்பு மொய்ப்பது முதலிய குறிகள். ஒரு காலத்தில் மேலை மருத்துவமும் அப்படித்தான் இருந்தது. மெலிட்டஸ் என்ற சொல்லிலேயே தேன் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவரும் நோயாளியின் சிறுநீர் இனிப்பாக இருப்பதைக் குறித்து வைத்தார். இந்த ஒற்றுமையைக் காட்டித்தான் இரண்டும் ஒன்றே என்று பலர் வாதிடுகிறார்கள். ஆனால் நவீன வரையறை பின்னர் சிறுநீரை விட்டு ரத்தத்துக்கு இடம் மாறிவிட்டது. வெறும் வயிற்று அளவு 126 மில்லிகிராம் அல்லது எச்பிஏ1சி 6.5 சதவீதம் என்பதே இன்றைய எல்லை. அந்த எல்லையும் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1997க்கு முன் அது 140 ஆக இருந்தது. 130 இருந்த ஒருவர் அதுவரை நீரிழிவு நோயாளி அல்லர்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்கும். எனவே வெறும் வயிற்றில் 140 உள்ளவர் நவீன மருத்துவத்தின்படி நீரிழிவு நோயாளி; ஆனால் அவருடைய சிறுநீரில் இனிப்பு இல்லாமல் இருக்கலாம். மறுபுறம், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றியே வேலை செய்பவை. அதைச் சாப்பிடுபவரின் ரத்தச் சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் இருக்கும்போதும் சிறுநீரில் எறும்பு மொய்க்கக்கூடும். இருவரில் யாருக்கு மதுமேகம், யாருக்கு டயாபடீஸ் என்று கேட்டால் இரண்டு முறைகளும் வெவ்வேறு விடைகளைத் தரும். பல நோயாளிகளிடம் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் இந்த விலகல் கண்ணில் படுவதில்லை. சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு அது பரவும் வடிவத்தைப் பார்க்கும் நெய்க்குறியைச் 'சிறுநீர்ச் சர்க்கரைப் பரிசோதனை' என்று மொழிபெயர்த்ததையும் நான் ஒரு கோப்பில் கண்டிருக்கிறேன். நெய்க்குறி வாத, பித்த, கப நிலையை அறிவதற்கானது; சர்க்கரையை அது அளப்பதில்லை.

இப்போது நான் பின்பற்றும் முறை எளியது. மூலச் சொல்லை ஒலிபெயர்த்து அப்படியே வைக்கிறேன். அடுத்து, மருத்துவர் கண்ட குறிகளை விளக்கம் சேர்க்காமல் எழுதுகிறேன். அதன் பிறகே நவீனச் சொல்லுக்கும் இதற்கும் உள்ள உறவைச் சொல்கிறேன்: மூலச் சொல் அதைவிட விரிந்ததா, குறுகியதா, ஓரளவு மேற்படிவதா, அல்லது நேர் சொல்லே கிடையாதா என்று. இந்த உறவுக்கு ஒரு திசை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காமாலை என்பதற்கு நேராக 'ஜான்டிஸ்' என்று எழுதுவதே முழுப் பொருத்தம் அல்ல. ஏனெனில் காமாலை நூல்களில் தனி நோய், ஜான்டிஸ் நவீன மருத்துவத்தில் பல நோய்களின் வெளி அடையாளம். அதற்கு நேராக 'ஹெபடைட்டிஸ்' என்று எழுதுவது சீட்டில் இல்லாத ஒரு நோய்க் கணிப்பை நாமே செய்வதாகும்.

அந்தப் பெண்மணியின் சீட்டை இன்று மொழிபெயர்த்தால் இப்படி எழுதுவேன்: "மேகம் (சித்த மருத்துவச் சொல், சிறுநீர், பிறப்புறுப்பு சார்ந்த பல நோய்களைக் குறிக்கும், சீட்டில் வகை குறிப்பிடப்படவில்லை). 48 நாள் மருந்து தரப்பட்டது. மருந்தின் பெயர் இல்லை. ரத்தச் சர்க்கரை அளவு எதுவும் பதிவாகவில்லை." படிக்கும் மயக்க மருத்துவருக்கு இதில் மிகவும் பயன்படுவது கடைசி வாக்கியம். அதைப் பார்த்ததும் அவர் தாமே பரிசோதனைக்கு எழுதிவிடுவார். மாத்திரையின் பெயரைத் தேடி நேரத்தைப் போக்கமாட்டார்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடும் இதே பிரிவினையைக் கடைப்பிடிக்கிறது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் நோய்ப் பெயர்கள் அதில் 2024இல் வெளியான தனித் தொகுதியில் உள்ளன. ஒவ்வொரு பெயரின் பின்னும், பாரம்பரிய மருத்துவத்தின் இரண்டாம் தொகுதி என்பதைச் சுட்டும் (TM2) என்ற குறி வரும். அந்தத் தொகுதியின் நோய்க் குறியீட்டை நவீன நோய்க் குறியீட்டின் பக்கத்தில் சேர்த்து எழுதலாமே தவிர, அதற்குப் பதிலாக எழுதக் கூடாது. இறப்புக் காரணத்தைப் பதிவு செய்யவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அவசரத்தில் திரையில் பெயரைத் தேடுபவர்கள் பின்னால் உள்ள அந்த மூன்றெழுத்தைக் கவனிக்காமல் சொடுக்கிவிடுவதுதான் நான் அடிக்கடி திருத்தும் பிழை.

பெயர்க் குழப்பம் நவீன மருத்துவத்துக்குள்ளும் உண்டு. சர்க்கரைக்குத் தொடர்பே இல்லாமல் சிறுநீர் மிகுதியாகப் போகும் டயாபடீஸ் இன்சிபிடஸ் நோயாளிகளைச் சர்க்கரை நோயாளிகள் என்று எண்ணி, அவர்களுக்குத் தேவையான மருந்தைத் தராமல் விட்ட நிகழ்வுகளால், 2022இல் அதன் ஒரு வகைக்கு ஆர்ஜினின் வாசோபிரசின் குறைபாடு என்று புதுப்பெயர் முன்மொழியப்பட்டது. தமிழில் அந்நோயை நீரிழிவு என்று மட்டும் எழுதினால், சொற்பொருள் மிகச் சரியாகவே இருக்கும். படிப்பவர் கையில் எடுப்பது மட்டும் சர்க்கரை மாத்திரையாக இருக்கும்.