ஐ.பி.எஸ்.: மிகையுணர்வுக் குடல்

‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’ என்பதன் சுருக்கம் ஐ.பி.எஸ். தமிழில் இதைப் பலரும் ‘எரிச்சல் குடல் நோய்’ என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கிறவர் குடல் வெந்து புண்ணாகிவிட்டதாகப் பயந்துபோகிறார். ‘இரிட்டபிள்’ என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்குச் சீண்டுதல், தூண்டுதல் என்று பொருள். லேசாகத் தூண்டினாலே அதிகமாகத் துடிக்கிற குடல் என்பதுதான் கருத்து. ‘சிண்ட்ரோம்’ கிரேக்கச் சொல். ‘சேர்ந்து ஓடுவது’, அதாவது ஒன்றாக வரும் அறிகுறிகள். அதனால் ‘மிகையுணர்வுக் குடல் நோய்க்குறித் தொகுதி’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

உண்மையில் புண்ணும் வீக்கமும் இருப்பது ஐ.பி.டி., அதாவது குடல் அழற்சி நோய். தொற்று வேறு: பெரும்பாலும் திடீரென்று வந்து சில நாளில் அடங்கும். ஆனால் குடல் காசநோய் மாதக்கணக்கில் நீடித்து, அழற்சி நோய் போலவே தோன்றும்.

மதுரை மாசி வீதியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் 32 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓராண்டாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் வயிறு பிசைகிறது. வெளிக்குப் போனால் தணிகிறது. ரத்தம் போகவில்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, வயிற்றுப்போக்கு தூக்கத்திலிருந்து எழுப்புவதும் இல்லை. ரத்தசோகையும் இல்லை. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கிறது. அழற்சி இருந்தால் குடலுக்குள் திரளும் வெள்ளணுக்கள் அதை வெளியிட்டிருக்கும். தொற்றிலும் அது கூடும் என்பதால், கூடியிருந்தால் மட்டும் வைத்து ஐ.பி.டி. என்று முடிவுகட்ட முடியாது. இவருக்குக் குறைவு, ஐ.பி.எஸ். என்றே மருத்துவர் கொள்வார்.

சரி, சாப்பாடு? இரவில் பரோட்டா, சால்னா, அப்புறம் ஒரு ஜிகர்தண்டா. மைதா, வெங்காயம், பூண்டு மூன்றிலும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைத் தொடர் உண்டு. சிறுகுடல் அதை உறிஞ்சாது. பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயுவாக்கும். குடல் உப்புவது எல்லோருக்கும் நடப்பதுதான். இவருக்கு மட்டும் அந்த உப்பல் வலியாகத் தெரிகிறது. பாலின் லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு அதுவும் இப்படித்தான்.

உணவியலாளரின் துணையோடு நான்கு வாரம் இவற்றை நிறுத்தி, சோறு, மீன், முட்டை, கேரட் என்று சாப்பிடுகிறார். வலி குறைந்ததும் ஒவ்வொன்றாக, மூன்று மூன்று நாள், திரும்பச் சேர்க்கிறார். பால் ஒத்துக்கொள்கிறது, சின்ன வெங்காயச் சாம்பாரில் வயிறு மறுபடி உப்புகிறது. அப்படியானால் பாலை விட வேண்டியதில்லை, வெங்காயத்தை மட்டும் குறைத்தால் போதும். இந்தத் திரும்பச் சேர்க்கும் கட்டத்தைத் தவிர்ப்பவர்கள்தான் காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் பத்தியம் இருந்து மெலிகிறார்கள்.

ஐ.பி.டி. உள்ளவருக்கும் இதே பத்தியம் உப்புசத்தைக் குறைக்கலாம்; புண்ணை ஆற்றாது. வயிறு லேசானதே என்று மருந்தை நிறுத்தினால் அழற்சி உள்ளே வளரும்.

சமையலில் ஒன்று: ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை முழுப்பல்லாக எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம், வாசனை வந்துவிடும். சாம்பாரில் வெந்த வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கிவைப்பதில் மட்டும் பயனில்லை, ஃபிரக்டான் ஏற்கெனவே குழம்பில் இறங்கியிருக்கும்.