கூம்பாய் நிரம்பிய தக்காளிப் பெட்டி

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்கில் ஏலம் போகிறது. எடைபோட்டு வாங்காமல் பெட்டிக்கு விலை பேசும் இடங்களில், வாங்குபவர் பெட்டி கூம்பாக நிரம்பியிருக்க வேண்டும் என்கிறார். விவசாயியும் விளிம்புக்கு மேல் குவித்துத் தருகிறார். சேதம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பிளாஸ்டிக் பெட்டியை அடுக்கும்போது மேல்பெட்டியின் பாரத்தைக் கீழ்ப்பெட்டியின் சுவர்தான் தாங்க வேண்டும். குவித்து நிரப்பினால் பாரம் முழுவதும் பழத்தின் மேல் இறங்கிவிடும். லாரி இரவு முழுக்கக் குலுங்கிச் சென்னைக்குப் போகும்போது அதே பழங்கள் திரும்பத் திரும்ப நசுங்குகின்றன.

பறித்த பிறகும் தக்காளி சுவாசிக்கிறது. அடிபட்டால் சுவாசம் வேகமாகும், எத்திலீன் வாயு கூடுதலாக வெளிவரும், பழம் சீக்கிரம் கனிந்து தளரும். தோல் கிழிந்த இடத்தில் பூஞ்சை நுழையும். உள்காயமோ அன்றைக்கு வெளியே தெரியாது. நறுக்கிப் பார்த்தால் விதையைச் சுற்றியுள்ள கூழ் கலங்கி மஞ்சளித்திருக்கும். அதனால் ஏலத்தில் நல்ல விலைக்குப் போன பழம், இரண்டு நாள் கழித்துச் சில்லறைக் கடையில் அழுகுகிறது.

அந்த அழுகலை ஈடுகட்டவும் கடைக்காரர் விலையில் பணம் சேர்க்கத்தான் வேண்டும். ஒரு பெட்டி அவர் கைக்கு 280 ரூபாய்க்கு வருவதாக வைத்துக்கொள்வோம், கிலோ 20 ரூபாய். 2 கிலோ வீணானால் மீதி 12 கிலோவில் முதலை எடுக்கக் கிலோ 23 ரூபாய் 33 காசுக்கு விற்க வேண்டும். லாபம், வாடகை எல்லாம் அதற்கு மேல். வீணாவது அரைக் கிலோவானால் 20 ரூபாய் 74 காசு போதும். இடைத்தரகர் அடிக்கும் கொள்ளை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, யாரும் சாப்பிடாத தக்காளியின் விலை. கமிஷனும் லாபமும் உண்மைதான், ஆனால் அவற்றை மட்டும் திட்டினால் இந்தப் பகுதி குறையாது.

குறைக்கும் வழி எளியது. தொலைதூரச் சந்தைக்கு, நுனியில் இளஞ்சிவப்பு படரத் தொடங்கிய காயை வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வைக்க வேண்டும். நடுப்பகலில் பறித்த காய் வயல் சூட்டோடு பெட்டிக்குள் போகும், சூடு ஏற ஏறச் சுவாசமும் ஏறும். பெட்டியை விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்த வேண்டும். தார்ப்பாயை இறுக்கி மூடாமல் காற்றோட்டம் விட வேண்டும். குளிர்வண்டி கிடைத்தாலும் 12, 13 டிகிரி போதும். 10 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் இருந்த செங்காய் பிறகு சரியாக நிறம் பிடிக்காது.

ஆனால் பெட்டிக்கு விலை பேசும் வரை, இரண்டு விரல் குறைத்து நிரப்பும் விவசாயிக்குத்தான் நஷ்டம். ஏலத்தைக் கிலோவுக்கு மாற்றினால்தான் அவர் கவனத்துக்குக் காசு கிடைக்கும். மண்டியில் முன்பணம் வாங்கியவருக்கு அதைக் கேட்கும் பலமும் குறைவு. வரத்து பெருகிப் பறிப்புக்கூலிக்கே விலை கட்டாத நாட்களில் எந்தப் பெட்டியும் உதவாது, பழம் செடியிலேயே விடப்படுகிறது.