மீட்டரில் 5.00 வந்துவிட்டால் பஃபர் சரி என்று அர்த்தமில்லை

சென்ற வாரம் இன்னொரு பாட்டில் வந்து சேர்ந்தது. "அசிடேட் பஃபர், 0.1 மோலார், பி.எச். 5.0" என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தார்கள். டர்பனில் பழச்சாறு மாதிரிகளில் நொதி சோதிக்கும் சின்ன ஆய்வகம் ஒன்றில் கலக்கியது. புளிப்பான மாதிரியைச் சேர்த்ததும் பி.எச். 4.75க்கு இறங்கிவிடுகிறது. அவர்களுடைய செய்முறையில் 4.8க்குக் கீழே போகக் கூடாது என்று இருக்கிறது. மாதிரியில்தான் கோளாறு என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

கோளாறு பாட்டிலில் இருந்தது. கலக்கிய தம்பியிடம் கேட்டால், "அக்கா, மீட்டர் 5.00 காட்டுச்சே, அப்புறம் என்ன?" என்கிறார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

pH = pKa + log([உப்பு]/[அமிலம்])

அசிட்டிக் அமிலத்துக்கு 25 டிகிரியில் pKa 4.76. நமக்கு வேண்டியது 5.00. வித்தியாசம் 0.24. 10-இன் அடுக்கு 0.24 என்றால் 1.74. அதாவது ஒரு பங்கு அமிலத்துக்கு 1.74 பங்கு உப்பு இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு 0.1 மோல் வர வேண்டுமென்றால் உப்பு 0.0635 மோல், அமிலம் 0.0365 மோல். கால்குலேட்டரில் log பொத்தானைத்தான் அழுத்த வேண்டும், ln அல்ல. இதை இன்னமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதுவரை அந்தத் தம்பியும் சரியாகவே போட்டிருந்தார். தவறு தராசில் நடந்தது. சோடியம் அசிடேட் இரண்டு உருவத்தில் விற்கிறது. நீரில்லாத வெள்ளைத் தூளுக்கு மோல் எடை 82.03. மூன்று நீர் மூலக்கூறுகளோடு வரும் படிகத்துக்கு 136.08, பாட்டிலில் CH3COONa·3H2O என்று போட்டிருக்கும். 0.0635 மோல் வேண்டுமென்றால் தூளில் 5.21 கிராம், படிகத்தில் 8.64 கிராம். செய்முறைத் தாள் தூளுக்காக எழுதியது. இந்த முறை ஆர்டரில் வந்தது படிகம். தம்பி தாளைப் பார்த்து 5.21 கிராம் படிகத்தை நிறுத்துப் போட்டுவிட்டார்.

அப்படியானால் உள்ளே போன உப்பு 0.0383 மோல்தான். அமிலம் அதே 0.0365. விகிதம் 1.05, அதன் லாக் 0.02, ஆக பி.எச். 5.00க்குப் பதில் 4.78. தேவையான உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது, பி.எச். அசைந்தது 0.22 மட்டும். லாக் எப்போதும் இப்படித்தான், பெரிய தவறைச் சின்ன எண்ணாகக் காட்டும். உப்பை இரண்டு மடங்காக்கினால்கூட பி.எச். 0.30தான் ஏறும். அதனால் 0.2, 0.3 வித்தியாசத்தைப் பார்த்து "கொஞ்சம்தானே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அடுத்து நடப்பதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, உடனே சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக உள்ளே போகிறது, 5.00 வருகிறது, லேபிள் ஒட்டப்படுகிறது. அந்தச் சொட்டுகள் என்ன செய்கின்றன? இருக்கிற அமிலத்தில் ஒரு பகுதியை உப்பாக மாற்றுகின்றன. விகிதம் சரியாகிவிடும். ஆனால் அமிலமும் உப்பும் சேர்ந்த மொத்தம் மாறவே மாறாது. தவறாக நிறுத்தபோது அது 0.0383 + 0.0365, அதாவது 0.0748 மோல். எவ்வளவு ஹைட்ராக்சைடு ஊற்றினாலும் 0.0748தான். லேபிள் சொல்வது 0.1.

மீட்டர் பார்ப்பது விகிதத்தை. பஃபர் தாங்குவது மொத்தத்தால். 5.00 என்ற எண்ணுக்குள் எத்தனை மோல் இருக்கிறது என்று எந்த மின்வாயாலும் சொல்ல முடியாது. பத்து மடங்கு நீர்த்துப்போன பஃபரும் மீட்டரில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும், ஆனால் கொஞ்சம் அமிலம் பட்டாலே சரிந்துவிடும்.

இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று சரியாக நிறுத்தது, இன்னொன்று அந்தத் தம்பியுடையது. இரண்டும் மீட்டரில் 5.00. லிட்டருக்கு 0.01 மோல் அமிலம் மாதிரியோடு வந்து சேருகிறது. சரியான பாட்டிலில் பி.எச். 0.19 இறங்கி 4.81இல் நிற்கும். மற்றதில் 0.25 இறங்கி 4.75. வரம்பு 4.8. மாதிரி ஏன் தோற்றது என்று இப்போது புரிகிறதா?

சரி, இதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லாவற்றையும் சரியாக நிறுத்தாலும் மீட்டர் 5.00 காட்டாது, 4.9 அளவில் காட்டும். சூத்திரத்தில் நாம் போடுவது செறிவு. கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதால் அசிடேட் அயனி தன் செறிவுக்கு உரிய முழு பலத்தோடு செயல்படுவதில்லை. 0.1 மோலாரில் இதனால் சுமார் 0.1 குறையும். இது தவறல்ல. இதைத் திருத்த 1 மோலார் ஹைட்ராக்சைடு லிட்டருக்கு 5 மில்லி போதும். தம்பியின் கரைசல் முதலில் 4.70 காட்டியிருக்கும், அதைத் தூக்க 13 மில்லி தேவைப்பட்டிருக்கும். அந்த 13 மில்லிதான் தவறைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியது. ஆனால் அதை யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை! தணிக்கைக்கு வருபவர்களும் கடைசி எண்ணைத்தான் கேட்கிறார்கள், முதல் எண்ணை அல்ல.

ஆகவே, ஒரு சொட்டு ஹைட்ராக்சைடு விடுவதற்கு முன் முதலில் வந்த பி.எச். எவ்வளவு என்று எழுதுங்கள். எத்தனை மில்லி விட்டீர்கள் என்றும் எழுதுங்கள். கணக்கிலிருந்து 0.15க்கு மேல் விலகினால் ஹைட்ராக்சைடு பாட்டிலை மூடி வைத்துவிட்டு உப்புப் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். செய்முறைத் தாளில் கிராமை மட்டும் எழுதாமல் மோலையும் எழுதுங்கள், கிராம் வேண்டுமென்றால் மோலை அன்றைக்கு லேபிளில் உள்ள மோல் எடையால் பெருக்கிக்கொள்ளலாம்.

நம் ஊருக்கென்று இன்னொன்று. டர்பன் கடற்கரைக் காற்றில் கோடைக்காலத்தில் நீரில்லாத தூளைத் திறந்து வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சிக் கட்டி தட்டிவிடும். அப்புறம் 82.03 என்ற எடைக்கு அர்த்தமே இல்லை. மூடியை இறுக்குங்கள், உலர்கலனில் வையுங்கள். கட்டி கட்டியாக இருந்தால் 120 டிகிரியில் உலர்த்தி, ஆறவிட்டு நிறுங்கள்.

தப்பான உப்பை நிறுத்துவிட்டோம் என்று ஹைட்ராக்சைடு ஊற்றும் முன்பே தெரிந்தால் கவலையில்லை. அமிலம் சரியாகத்தான் இருக்கிறது, விடுபட்ட 3.43 கிராம் படிகத்தைச் சேர்த்துக் கரைத்து லிட்டராக்கினால் போதும். ஊற்றிய பிறகு தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். அசிடேட் விலை குறைவுதான். அந்தப் பாட்டிலை வைத்து ஏற்கெனவே சோதித்த மாதிரிகளையும் மறுபடி எடுத்துச் செய்யுங்கள்.